என் வீட்டுத் தொட்டியில் எடுத்த கொசுப் படம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் அரியலூரில் வீடியோ கேமரா வாங்கின முதல் ஆட்களில் ஒருத்தன். எண்பதுகளின் கடைசியில் நான் போகாத கல்யாணம் கிடையாது.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஊர் ஊராகக் காட்டக் கொசு ஒழிப்புப் படம் வேண்டுமாம். "கல்யாணம் எடுக்கிற உங்களுக்கு இது வருமாங்க? சரிப்படலேன்னா திருச்சியிலேர்ந்து வீடியோக்காரரைக் கூப்பிட்டுக்கிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா?

கதையை நான் சொல்ல, எட்டாவது படித்த என் சம்சாரம் எழுதினாள். எங்கள் வீட்டு ஆட்டுக்கல், கொல்லையில் கிடந்த டயர், சிமெண்டுத் தொட்டி, மூன்றுக்கும் மூன்று காட்சி. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரே வரி: "வாரம் ஒரு நாள் கொட்டு, தேய்ச்சுக் கழுவு, மூடி வை."

ஆய்வாளர் படித்துவிட்டு, "ஒரே வரி மூணு தடவையா?" என்றார்.

"தாலி கட்டுறதை நான் மூணு தடவை காட்டுறேன் சார். எவனாவது போதும்னானா?"

சிரித்துவிட்டார்.

முதல் நாள் பாதிதான் எடுத்தோம். அடுத்தடுத்து முகூர்த்தம் வந்துவிட்டது. மிச்சம் எடுக்கும்போது காட்சி ஒட்ட வேண்டுமே? "எதையும் தொடாதே, தண்ணி அளவுகூட மாறக் கூடாது" என்று சம்சாரத்திடம் உத்தரவு போட்டேன்.

"வாரம் ஒரு நாள் கொட்டணும்னு நாமதானே எழுதினோம்?"

"ஷூட்டிங்கைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?"

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். வந்தவர் நேராகத் தொட்டிக்குள் டார்ச் அடித்தார். ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். புழுக்கள் நெளிந்து நெளிந்து ஆடின.

"கொசுப்புழு. ரெண்டு நாள் விட்டா பறந்துடும். ஏங்க, இதுதான் படம் எடுக்கிற வூடா?"

அந்தத் திருச்சிக்காரர் என் மனக்கண் முன்னால் வந்து நின்றார். சம்சாரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்: "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டீங்களா? ஷூட்டிங்காம் ஷூட்டிங்கு! கொசுவுக்குத் தொட்டில் கட்டி வெச்சிருக்கீங்க!"

வேறு ஆளாயிருந்தால் கூசிப்போயிருப்பான். நான் கேமராவை ஓட விட்டேன்! அவள் திட்டினதையும் எடுத்தேன், தட்டுப் புழுவையும் கிட்டப் போய் எடுத்தேன். அவள் தொட்டித் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டினாள். "பக்கத்தையும் தேய்ங்கம்மா, முட்டை சுவத்துலதான் ஒட்டியிருக்கும்" என்று ஆய்வாளர் சொன்னதும் பதிவாகிவிட்டது. அதுவரைக்கும் அது எனக்கே தெரியாது.

ஆண்டிமடத்துப் பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகப் போட்டோம். திட்டு வந்ததும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாம் தடவை அந்த வரி வருமுன்னே கூட்டமே சொன்னது: "மூடி வை!"

ஆய்வாளர் என் தோளில் தட்டினார். "திருச்சிக்காரர் வேண்டாங்க. ஆனா உங்க வூட்டுக்கு வாரா வாரம் வருவேன்."

வந்தார். தொட்டி காய்ந்து, கவிழ்த்த சட்டிபோல் சுத்தமாக இருந்தது. தேய்த்தது நான்தான்.