விற்ற காரின் வேகம்

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. எதிரே யாராவது வேகமாக நடந்து வந்தால் போதும், பாதம் தரையை அழுத்தும். பல் டாக்டரிடம் போனால்கூட இப்படித்தான். கார் ஓட்டப் பழகுபவர்களின் பக்கத்து இருக்கையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டர் முன்னாலும் அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கையில் அபராத நோட்டீஸ். அதில் அவருடைய பழைய வெள்ளைக் காரின் பின்பக்கப் படம், நம்பர், இடம், நேரம், வேகம். காரை அவர் புரோக்கரிடம் விற்று ஆறு வாரம் கழித்து எடுத்த படம் அது.

“கேமராவுக்கு உங்களைத் தெரியாது சார். நம்பரைத்தான் தெரியும்” என்றார் கவுண்டர் அம்மா. “அந்த நம்பர் யாருதுன்னு பதிவுல பார்க்கும். பதிவுல இன்னும் உங்க பேர்தான்.”

“அப்போ கட்டித் தொலைச்சிடட்டுமா?”

“கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம். உங்க லைசென்ஸ்ல தண்டனைப் புள்ளி ஏறிடும். அப்புறம் ஆட்சேபம் செல்லாது.”

அடுத்த மாதம் மாஸ்டர் தன்னுடைய பயிற்சி அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வேகத்துக்காகப் புள்ளி ஏறிய லைசென்ஸுக்கு அதைத் தர மாட்டார்கள். வேறு தொழிலும் தெரியாது.

அந்த அம்மா விற்பனைக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். தேதி இருந்தது, மாஸ்டரின் கையெழுத்து இருந்தது. வாங்குபவர் என்ற கோடு காலி.

“யாருக்கு வித்தீங்க? காத்துக்கா?”

“அடுத்த ஆள் பேரை நேரா எழுதிக்கிறேன்னு புரோக்கர் சொன்னான்மா.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இப்ப அதுல எதையும் எழுதிடாதீங்க, வம்பாயிடும். படம் எடுத்த நாளுக்கு முன்னாடியே வண்டி கைமாறிடுச்சுன்னு ஒரு அத்தாட்சி, வாங்கினவரோட பேர், விலாசம், லைசென்ஸ் நகல் வேணும். வித்துட்டேன்னு பதிவு அலுவலகத்துல எழுதிக் கொடுத்து ரசீதும் வாங்குங்க. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு.”

வீட்டில் மனைவி கவுண்டரில் சொன்னதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாள். “ஊருக்கெல்லாம் ரூல் சொல்லிக் கொடுக்கிற மனுஷன், கோட்டைக் காலியா விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றாள். மாஸ்டருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, பழைய கார்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்த புரோக்கரின் இடத்துக்குப் போனார்.

“இதுக்கா மாஸ்டர் இவ்ளோ தூரம்? கட்டிடுங்க, பாதி நான் தர்றேன்.”

“லைசென்ஸ்ல ஏறுற புள்ளியிலயும் பாதி எடுத்துக்குவியா?”

புரோக்கர் சிரித்தான். “சரி, அந்தக் கடிதத்தைக் கொடுங்க. என் பேரைப் போட்டுப் பழைய தேதியில ஒரு கையெழுத்து...”

“வேணாம். பொய்க்கு வேற ஒரு நோட்டீஸ் வரும்.” மாஸ்டர் ஒரு காரின் பானெட்டில் கையூன்றி நின்றார். அவருடைய குரல் உயரவில்லை, உயர்த்தவும் முடியவில்லை. “இதப் பாரு. நாளைக்கு அந்த வண்டி யாரையாவது இடிச்சா முதல்ல என் வீட்டுக்கு வருவாங்க. நான் அவங்களை நேரா இங்கதான் கூட்டிட்டு வருவேன்.”

புரோக்கர் காதைச் சொறிந்தான். உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டு வந்தான். வண்டி அவனிடமிருந்து வெளியேறிய நாள், மணி, ஓடிய கிலோமீட்டர், வாங்கியவரின் கையெழுத்து. லைசென்ஸ் நகல்கூட ஒட்டியிருந்தது.

“உன்னைக் காப்பாத்திக்க மட்டும் எல்லாம் எழுதி வெச்சிருக்கியேப்பா.”

“தொழில், மாஸ்டர்” என்றான் அவன், கொஞ்சம் தலை குனிந்து. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தான். காரை மாஸ்டரிடமிருந்து எந்த நாளில் வாங்கினான், எந்த நாளில் யாரிடம் கொடுத்தான் என்று அன்றைய தேதியிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அங்கிருந்து பதிவு அலுவலகம். இரண்டு வரிசை, ஒரு சாப்பாட்டு இடைவேளை, ஒரு ரசீது. அதற்கு அடுத்த நாள் மூன்றாம் கவுண்டர். அந்த அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, முத்திரை குத்தி, ஆட்சேப எண்ணை எழுதிக் கொடுத்தார். “முடிவு வர்ற வரைக்கும் எதையும் கட்டிடாதீங்க” என்று இன்னொரு முறை சொன்னார்.

பதினெட்டு நாள் கழித்து போனில் செய்தி வந்தது. அவர் பெயரில் இருந்த நோட்டீஸ் ரத்து. காரை வாங்கியவர் பெயருக்குப் புதியது போகும். பழகும் பெண் ஒருத்தி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது படித்தார். “நிறுத்துங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பெண், தான் எதையோ இடித்துவிட்டதாகப் பயந்துபோனாள்.

அனுமதி புதுப்பித்து வெகு நாளைக்குப் பிறகுதான் இது தெரியவந்தது: நோட்டீஸ் வந்த அன்றைக்கே, அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில், தொல்லை தீரட்டும் என்று மனைவி கட்டணப் பக்கத்தைத் திறந்து கார்டு எண்ணைக்கூட அடித்துவிட்டிருந்தாள். கடைசிப் பொத்தானுக்கு மேலே ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவர்தான் ஓட்டவே இல்லையே என்று அதில் டிக் போட மனசு வராமல் மூடிவிட்டாளாம்.