வாலுவின் டேப்லெட்டுக்குத் தம்பி போட்ட பூட்டு

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜாக்கிரதையான ஆள் என்று சொல்ல வேண்டுமாம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வேலையில் கை வைப்பான். அது நியாயம்தான். தெரியாமல் யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால் ஆளே போய்விடும். ஆனால் அந்தப் புத்தியை அப்படியே வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? கேஸை மூடினோமா என்று பாதிப் படி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வருவான். பால்கனிக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். இந்தக் கூத்தையெல்லாம் மேல்மாடியில் குடியிருந்து தையல் வேலை செய்யும் நான் தினமும் பார்க்கிறேன்.

அவன் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் கூப்பிடுவது வாலு. பள்ளியில் வீட்டுப்பாடத்தை டேப்லெட்டில்தான் செய்ய வேண்டும் என்றார்கள், வாங்கிக் கொடுத்தான். வந்த முதல் மாதம் அவள் சாப்பாடு, குளியல் எல்லாவற்றையும் மறந்து, யாரோ பொம்மை வீடு கட்டுகிற வீடியோவிலேயே கிடந்தாள். அவள் அம்மா நர்ஸ், ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கும். "டேப்லெட் உங்க பொறுப்பு" என்று கைகழுவிவிட்டாள். பொறுப்பு என்று சொன்னால் போதுமே என் தம்பிக்கு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டினான். பெற்றோருக்கான ஆப்பைத் தன் போனில் போட்டு, மகளின் டேப்லெட்டை அதோடு இணைத்தான். மொத்த டேப்லெட்டுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம். இரவு எட்டானால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிரவுசரில் அவன் அனுமதித்த தளம் மட்டும்தான் திறக்கும். வேறு தளத்தைத் தொட்டாலோ புது ஆப் போடப் பார்த்தாலோ "அனுமதி கேள்" என்று ஒரு பட்டன் வரும், அதை அழுத்தினால் இவன் போனுக்குச் செய்தி போகும். பள்ளித் தளத்தை அனுமதித்தான், பள்ளி ஆப்பையும் வைத்தான். "இனிமே ஒரு ஈகூட உள்ள நுழையாது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். நானும், தம்பி கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது, அல்லது அப்படித் தெரிந்தது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு பேண்ட்டுக்கு அடி மடித்துத் தைத்துக் கொடுக்க நான் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, வகுப்பு டீச்சர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், உங்க பொண்ணு கணக்கு டெஸ்ட்ல ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு மூணு செகண்ட்லயே பதில் போடறா. கேள்வியப் படிக்கக்கூட அந்த நேரம் பத்தாது. பாட வீடியோ ஒண்ணுகூட பாக்கல. பின்னம் சுத்தமா வரல. இப்படியே போனா திங்கக்கிழமைலேர்ந்து வேற குரூப்புக்கு மாத்தற மாதிரி ஆயிடும்."

வேற குரூப் என்றால் என்ன என்று வாலுவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய ஒரே சிநேகிதி உட்காரும் பெஞ்சை விட்டு, பக்கத்து அறைக்குப் போக வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

போனை வைத்ததும் தம்பி கத்த ஆரம்பித்தான். "விளையாடறதுக்காக வேகவேகமா தட்டிவிட்டுட்டு ஓடறியா? நாளையிலேர்ந்து அரை மணி நேரம்தான்!" போனை எடுத்து நிஜமாகவே குறைக்கப் போனான். எனக்கு வந்ததே கோபம். ஊசியைப் பேண்ட்டில் குத்திவிட்டு எழுந்தேன்.

"டேய், நிறுத்துடா. லிஃப்ட்ட சரி பண்ணா நீதானே முதல்ல ஏறிப் பாப்ப? இந்த டேப்லெட்ல என்னைக்காவது அவகூட உக்காந்து ஒரு பாடம் பாத்திருக்கியா?"

"அதெல்லாம் செட்டிங்ஸ் கரெக்டாதான் இருக்கு அக்கா."

"உக்காருடா முதல்ல!"

உட்கார்ந்தான். வாலு நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். பள்ளி ஆப் திறந்தது. அன்றைய பாடம் பின்னங்களைக் கூட்டுவது. மேலே "வீடியோவைப் பார்" என்று இருந்தது. அவள் அதைத் தாண்டி நேராக டெஸ்ட்டுக்குப் போனாள்.

"பாத்தியா? பாத்தியா?" என்று தம்பி துள்ளினான்.

"வீடியோவ ஏன்டி தொடல?" என்றேன்.

"அது வராது அத்தை." தொட்டுக் காட்டினாள். ஆப்பிலிருந்து பிரவுசருக்குத் தாவியது. 'இந்தத் தளத்துக்கு அனுமதி இல்லை' என்று வெள்ளைத் திரை. பாட வீடியோக்களைப் பள்ளி தன் தளத்தில் வைக்கவில்லை, வேறொரு தளத்தில் வைத்திருந்தது. கீழே அந்தப் பட்டன் இருந்தது. அவள் விரல் அதன் பக்கமே போகவில்லை.

"கேக்க வேண்டியதுதானே?" என்றான் தம்பி.

"நிறைய தடவ கேட்டேன்பா. நீ வேணாம்னு போட்டுட்ட."

"நான் எப்ப போட்டேன்?"

வாலு பட்டனை அழுத்தினாள். மேசையில் இருந்த அவன் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தான். எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு முகவரி, பள்ளிப் பெயர் எங்கேயும் இல்லை. அவன் முகம் மாறிவிட்டது.

"இதுவா... ஏதோ கேம் சைட்டுன்னு நினைச்சேன் அக்கா. வேலை நேரத்துல வரும், கையெல்லாம் கிரீஸ்... சரியா படிச்சுப் பாக்காமயே மறுத்துட்டேன்."

"சரி, டெஸ்ட்ட ஏன் இப்படி அடிச்சு விட்ட?" என்று அவளைக் கேட்டேன்.

"மத்த வீட்டுப்பாடம் செஞ்சு வர்றதுக்குள்ள டைம் தீந்துடும் அத்தை. டெஸ்ட் பாதியில பூட்டிக்கும், போட்ட பதிலெல்லாம் போயிடும். ரெண்டு தடவ போயிடுச்சு. அதான் சீக்கிரம் அனுப்பிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிச்சம் இருந்தா விளையாடுவேன்" என்றும் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத கழுதை.

அவன் கொடுத்த ஒரு மணி நேரத்தில் பள்ளிப் பாடமும் சேர்ந்தே கழிந்துகொண்டிருந்திருக்கிறது. திட்டலாம் என்று திரும்பினால், அவன் ஏற்கெனவே பாதி ஆளாகிவிட்டிருந்தான்.

"அப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாமேடா கண்ணு."

"நீதான் வேணாம்னு சொல்லிட்டியே" என்றாள் வாலு. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

அன்றே அவிழ்த்துக் கட்டினான். மொத்த டேப்லெட்டுக்கும் இருந்த வரம்பை எடுத்துவிட்டு, விளையாட்டு ஆப்களுக்கும் வீடியோ ஆப்புக்கும் மட்டும் தனித்தனியாக வரம்பு வைத்தான். பாட வீடியோ இருக்கும் தளத்தை அனுமதித்தான். எட்டு மணிப் பூட்டு அப்படியே இருந்தது. பிறகு ஒரு பாடத்தை ஆரம்பத்திலிருந்து டெஸ்ட் அனுப்புகிற வரை அவளோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தான். எங்கேயும் நிற்கவில்லை. டீச்சருக்குப் போன் செய்து, "தப்பு என் மேலதான் மேடம், அவ மேல இல்ல" என்றான். இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் அவர். சனி, ஞாயிறு முழுக்கப் பின்னம்தான். வாலு அதே பெஞ்சில்தான் இருக்கிறாள்.

ஆனால் தம்பி தேறவில்லை. அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பான். "அவ எதுவுமே கேக்கறதில்ல அக்கா. தளம் எல்லாம் சரியா இருக்கறதாலயா, இல்ல என்கிட்ட கேக்கறதையே விட்டுட்டாளா?" "போடா, கேப்பா" என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

போன வாரம், நான் துணி அளவெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எந்தக் கட்டடத்திலிருந்தோ கத்தினான். "அக்கா! கேட்டுட்டா!"

"என்னடா கேட்டா?"

"பூனையக் குளிப்பாட்டற கேம்! இன்ஸ்டால் பண்ண அனுமதி கேட்டிருக்கா!" லாட்டரி விழுந்தவன்கூட இப்படிப் பேசமாட்டான்.

"குடுத்துட்டியா?"

"இல்ல. நின்னு நிதானமா படிச்சுப் பாத்தேன், நடுநடுவுல காசு கேக்கற கேம். வீட்டுக்குப் போன் பண்ணி, ஏன் வேணாம்னு அவகிட்டயே சொன்னேன்."

"அழுதாளா?"

"இல்ல அக்கா. 'சரிப்பா, வேற ஒண்ணு தேடிட்டு மறுபடி கேக்கறேன்'னு சொன்னா."

"மறுபடி கேக்கறாளாம் அக்கா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான். நான் அளவு நாடாவை எடுத்து, துணியை மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன்.