டயலில் வைத்த சிவப்புப் பூச்சு

கனகேஸ்வரியிடம் "அதைத் தொடாதை" என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். பதில் சரியில்லை என்றால் தொட்டே விடுவாள். கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் அவளுடைய அக்கா பத்மாவதி, "வாயை மூடிக்கொண்டு போய் வாடி" என்று சொல்லாமல் ஒரு நாளும் அவளை பஸ் ஏற்றியதில்லை. சண்டைக் காலம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்திவிடுவார்கள். அக்காவின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தங்கைக்கு அது ஒட்டவே இல்லை.

கொச்சிக்கடையில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்களஞ்சியத்தில் அவள் மின் பொறியியலாளர். கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் பிரித்துவிடும் மெயின் போட், ஆளுயர இரும்புப் பெட்டி, அவள் பொறுப்பு. அதன் தலைமைப் பிரேக்கரில் ஒரு சின்ன டயல் உண்டு. கீழே எங்காவது கோளாறு வந்தால் அந்தந்தக் கிளைப் பிரேக்கர் முதலில் விழுந்து மின்சாரத்தை வெட்டட்டும் என்று தலைமைப் பிரேக்கர் கிட்டத்தட்ட அரை செக்கன் பொறுத்திருக்கும். பொருத்திய கம்பனிக்காரர் அந்த டயலை யாரும் அசைக்கக் கூடாதென்று மேலே நகப்பூச்சு மாதிரி சிவப்பாக ஒன்றைப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

போட்டுக்குள் ஏதோ ஒரு கம்பி மூட்டு சூடேறி வாடை அடித்தது. எதுவென்று பார்க்க, மின்சாரம் ஓடும்போதே முன்மூடிகளைக் கழற்றி வெப்பம் அளக்க வேண்டும். கழற்றப் போகிறவர் மஜீட், கொட்டாஞ்சேனைக்காரர், நாலு பிள்ளைகளின் தகப்பன்.

"மஜீட் நானா, கொஞ்சம் நில்லுங்கோ. டயலைக் குறைக்கப் போறன்."

"எத்தின தரம் கழட்டின மூடி மிஸ் இது! ஒண்டும் ஆகாது."

"ஆகினால்? மூடி சறுக்கி உள்ளுக்க பட்டால் நெருப்பு வெடிக்கும். பிரேக்கர் விழுகிற வரைக்கும் அது உங்கட முகத்திலதான் எரியும். அரை செக்கன் எரிஞ்சால் நீங்கள் போட்டிருக்கிற அங்கியும் முகமூடியும் தாங்காது. அதில பத்தில ஒரு பங்கு நேரம் எண்டால் சூடும் ஏறக்குறைய பத்தில ஒரு பங்குதான். அதைத் தாங்கும்."

முகாமையாளர் ஹெக்டர் ஓடிவந்தார். பொறுக்கும் நேரத்தை எடுத்துவிட்டால் ஒரு கிளையில் வரும் சின்னக் கோளாறுக்கும் கட்டடமே இருட்டாகும் என்றார். அது உண்மை. ஏற்றுமதிக்கு அடுக்கி வைத்த இறால் என்னாவது என்றார். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள்: கதவுகளைத் திறக்காவிட்டால் குளிர் தாங்கும், மஜீட்டின் தோல் தாங்காது. மனிதரைவிட இறாலுக்கு இரங்குகிற அந்த மூஞ்சியைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூச்சை நகத்தால் சுரண்டி, டயலை உடனே விழும் நிலைக்குத் திருப்பினாள். நெருப்பில் ஓடும் மின்னோட்டம் நேரடிக் குறுக்குச் சுற்றில் ஓடுவதைவிடக் குறைவு என்பதால், பிரேக்கர் விழவேண்டிய மின்னோட்ட அளவையும் அதற்குக் கீழே இறக்கினாள்.

மூன்றாவது மூடி சறுக்கியது.

வெள்ளை வெளிச்சம், வெடி, இருட்டு. எல்லாம் ஒன்றாக வந்தன. புகைக்குள்ளிருந்து மஜீட் இருமினார். முகமூடி கருகியிருந்தது. அங்கியின் நெஞ்சில் கரி. ஒரு மணிக்கட்டில் கையுறைக்கு மேலே தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கனகேஸ்வரி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள்.

துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் அந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வந்த பொலிஸ் அதிகாரியிடம் ஹெக்டர் சுரண்டிய பூச்சைக் காட்டினார். அவள் பெயரைக் கேட்டதும் அதிகாரிக்குக் கதை முழுதாக விளங்கிவிட்டது: துறைமுகத்தருகே ஒரு தமிழ்ப் பெண், வெடி, இருட்டு. நாசவேலைதான்.

"யார் மாற்றியது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான்," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். "இனியும் மாற்றுவேன்."

கூட்டிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலைய வாங்கில் இருத்தி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பயமாகத்தான் இருந்தது; அக்கா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதிலை மட்டும் அவள் மாற்றவில்லை.

பின்னேரம் மஜீட் வந்தார். கருகிய முகமூடியை அதிகாரியின் மேசையில் வைத்து, கட்டுப்போட்ட கையையும் பக்கத்தில் வைத்தார்.

"நாசவேலையைத் தேடுகிறீர்களா சேர்?" என்று அவரும் சிங்களத்தில் கேட்டார். "இதோ, இந்தக் கைதான். அவர் அந்த டயலைத் தொடாமல் விட்டிருந்தால் இன்றைக்கு இது இருக்காது."

அதிகாரி முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் போகச் சொன்னார்.

போட்டைத் திருத்திய பிறகு, மிச்ச மூடிகளைக் கழற்றும் நாள் வந்தது. டயலில் புதுச் சிவப்புப் பூச்சு பளபளத்தது. ஹெக்டர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கனகேஸ்வரி அவர் கண்முன்னால் அதைச் சுரண்டித் திருப்பினாள். பிறகு கைப்பையைத் திறந்து, வெள்ளவத்தைச் சந்தியில் வாங்கிய நகப்பூச்சுப் போத்தலை அவர் கையில் வைத்தாள்.

"வேலை முடிய நானே பழையபடி திருப்பி வைப்பேன், நீங்கள் பூசுங்கள்," என்றாள் சிங்களத்தில். "அடுத்த முறையும் சுரண்டுவேன்."

மஜீட் முகமூடியை இறக்கிக்கொண்டு முதல் திருகாணியில் கை வைத்தார்.