தகட்டின் மேல் கட்டைவிரல்

எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் நான்தான், என் வாய் அப்படி.

பழைய ஃபேனையும் ஏசியையும் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் புதியதை மாட்டினால் அரசாங்கம் தள்ளுபடி கொடுக்கிறது. மாட்டிய ஃபிட்டர் இரண்டு போட்டோ அனுப்ப வேண்டும். ஒன்று நட்சத்திர லேபிள், இன்னொன்று மாடல் எண் அடித்த தகடு. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வேறு ஏசியின் ஐந்து நட்சத்திர லேபிளை உரித்து, மூன்று நட்சத்திர ஏசியில் ஒட்டி அனுப்பும் எமகாதகர்கள் ஊரில் உண்டு.

நான் பத்துப் படம் பார்ப்பதற்குள் கொட்டாவி விடுவேன். அவள் எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். ஏணியில் நின்று எடுத்த ஃபேன் தகடு ஆடிப்போய்த்தான் வரும். அதையும் பெரிதாக்கி, திருப்பி, கண்ணைச் சுருக்கிப் படித்துவிடுவாள்.

"ஏன்டி கண்ணைக் கெடுத்துக்கிற? உனக்கு என்ன சிலையா வைக்கப்போறாங்க?" என்பேன்.

"கரண்ட் பில் கட்டுறது வாங்கினவங்கதானேக்கா. ஸ்டாரை நம்பித்தானே வாங்குறாங்க."

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவன் டவுசர் போட்ட பையன். தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டு, அவனைப் படிக்கவைத்து ஏசி ஃபிட்டர் ஆக்கினாள். எங்களுக்கு வரும் படங்களில் மாட்டிய வீட்டின் முகவரி இருக்கும், ஃபிட்டர் பெயர் இருக்காது. ஆனால் சுத்தியல் பட்டு நகம் பிளந்த கட்டைவிரல் அவனுடையது. நாம் பார்க்க வேண்டிய வரிக்குக் கீழே அதை வைத்துக் காட்டித்தான் தகட்டைப் படம் எடுப்பான். சொந்தக்காரர் படம் என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அவளும் ஒன்று விடாமல் என்னிடம் தள்ளுவாள். நானும் கொட்டாவியோடு பச்சைப் பொத்தானை அழுத்துவேன்.

அன்றும் ஒரு ஏசி படம் தள்ளினாள். லேபிளில் ஐந்து நட்சத்திரம், ஓர் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. தகட்டில் விரல் இந்தமுறை வரிக்குக் கீழே இல்லை. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மேலேயே இருந்தது. தெரிந்தவரை எண் ஒத்துப்போனது. பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அக்கா, ரெண்டுலயும் குளிரூட்டும் திறன் எவ்வளவுன்னு பாருங்க," என்றாள். திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

பார்த்தேன். லேபிளில் ஒரு எண், தகட்டில் வேறு எண். அந்த ஏசியின் லேபிளே இல்லை அது.

"மாடல் நம்பர் தெளிவா இல்லைன்னு திருப்பி அனுப்பிடவா? வேற படம் எடுத்து அனுப்பட்டும். தம்பிதானேடி."

"தெளிவாத் தெரியறதைத் தெரியலைன்னு எப்படிக்கா போடுறது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். படம் என் கையில், கையெழுத்து என் தலையில். அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. 'லேபிள் பொருந்தவில்லை' என்று போட்டுவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

விசாரணை நடந்தது. ஐந்து நட்சத்திர ஏசி தீர்ந்துபோனதும் லேபிளை மாற்றி ஒட்டச் சொன்னவர் ஏசி விற்ற கடைக்காரர். ஆனால் விரல் தம்பியுடையது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஃபிட்டர் பட்டியலிலிருந்து தம்பியை நீக்கினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. தம்பி அவள் வீட்டுக்கு எப்போதாவது வருவதையும் நிறுத்தினான். அவள் பாதியாக இளைத்துப்போனாள்.

ஒருநாள் எங்கள் அலுவலக வாசலில் பையோடு நின்றான். தெரியாத ஊருக்கு, தெரியாத வேலைக்குப் போகிறானாம். இருவருமாக இறங்கிப் போனோம். நான் விலகி நிற்கப் பார்த்தேன். அவள் என் கையை விடவில்லை.

"நீதான் சொன்னியாமே," என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"என் படம் வந்தா பார்க்காமலே தள்ளிடுவன்னு நினைச்சேன்கா. இவங்க பார்த்தா ஒண்ணும் கண்டுபிடிக்கமாட்டாங்கன்னுதான் விரலை அங்க வெச்சேன்." என்னைப் பார்த்துச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்லவில்லையே அவன்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வீடு தள்ளி நீ இருந்தும், வாரக்கணக்கா உன் முகத்தைப் பார்க்கமுடியாது. வேலை வேலைன்னு ஓடிட்டே இருப்ப. இன்னிக்கு எந்த வீட்டுல நிக்கறான், நல்லா இருக்கானான்னு எனக்குத் தெரியறது அந்தப் படத்துலதான்டா. உன் விரலைப் பார்க்காம ஒருநாளும் தள்ளினதில்லை."