துருசு இல்லாத துளி

மகளுக்கு அன்றிரவுக்குள் ஒரு நீர்த்துளியைக் கடலுக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். பாடம் நீர்வட்டம். துளியே தன் கதையைச் சொல்ல வேண்டும், அதுவும் ஒரே பக்கத்தில். பாடத்தில் உள்ள ஏழு கட்டங்களும் வர வேண்டும், எட்டாவது ஒன்று வரக்கூடாது. சிறந்த கதையைத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எழுதியவரே வாசிப்பார் என்று புவியியல் டீச்சர் சொல்லியிருந்தார். போன வருடமும் இப்படி ஒன்று நடந்தது. மகளுடையது தேறவில்லை. அதனால் இந்த முறை நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதற்படியை நானே திருத்திக் கொடுத்திருந்தேன். பத்திரிகையில் செய்தி திருத்திய கை சும்மா இருக்காது. துளி மேகமாகும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு போனதாக எழுதியிருந்தாள். உப்பு கடலிலேயே நிற்கும், நீராவி மட்டுந்தான் போகும் என்று வெட்டினேன். அதுவரை சரி. பிறகுதான் என் மூத்த சகோதரர், காக்கா வந்தார்.

என் காக்காவுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். அங்குள்ள வாய்க்காலுக்கு அவர்தான் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது நீர் என்று பார்ப்பது அவர் வேலை. மாரி பிந்திவிட்டது. விதைத்த நெல் புழுதிக்குள் கிடந்தது. கதிரையில் உட்கார்ந்திருக்க முடியாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தபடி மகளின் தாளை எடுத்து வாசித்தார்.

"என்ன புள்ள, மலையில பெஞ்ச தண்ணி நேரே வயலுக்கு வந்திட்டா? குளத்துல நிக்கல்லையா? துருசு திறந்தது ஆரு?"

"மாமா, பாடத்தில துருசு இல்ல."

"பாடம் எழுதினவருக்கு வயல் இல்லாம இருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் சொன்னது உண்மைதானே என்று பட்டது. இந்தக் கிழக்குக் கரையில் வயல் என்று சொன்னால் மனதில் முதலில் வருவது துருசு, அதாவது குளத்துக் கதவு. அது திறக்காமல் வாய்க்காலில் ஒரு துளி வராது. உண்மையை விட்டுவிட்டு எழுதலாமா? "ஒரு வரி சேர்" என்று நான்தான் சொன்னேன். துளி குளத்தில் காத்துக்கிடந்தது, வட்டவிதானை துருசைத் திறந்தார், வயலுக்குப் பாய்ந்தது. காக்கா திருப்தியாகத் தேத்தண்ணி குடித்தார்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. துருசைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'இது எந்தப் பக்கத்தில் உள்ளது?' கீழே இன்னொரு வரி: 'ஊடுவடிதல் எங்கே? நாளை கடைசி.' நீர் மண்ணுக்குள் இறங்கும் கட்டம் விடுபட்டிருந்தது.

"உம்மா, நீங்களும் மாமாவும் சேந்து என்ட கதைய நாசமாக்கிட்டீங்க."

தவறு எங்களுடையது. துருசு மனிதர் செய்தது. பாடம் கேட்டது மனிதர் தொடாத வழி.

அவள் பாடப்புத்தகப் படத்தில் அம்புக்குறிகளை விரலால் பின்தொடர்ந்தாள். விரல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருந்தது. நிலத்தில் விழுந்த இடத்தில் அம்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேலால் ஓடியது, ஒன்று உள்ளே இறங்கியது.

"உம்மா, ஒரு துளி ஒரே நேரத்தில ரெண்டு பக்கமும் போக ஏலாதுதானே?"

"ஏலாது."

"அப்ப ரெண்டு தரம் சுத்தட்டும்."

நான் பேனையைத் தொடவில்லை.

அவள் எழுதியது இதுதான்: துளி கடலில் ஆவியாகி, உயரத்தில் குளிர்ந்து ஒடுங்கி மேகமாகி, மழையாக நேரே வயலில் விழுகிறது. ஊடுவடிந்து நெல்லின் வேருக்குப் போகிறது. வேர் குடிக்கிறது, இலை ஆவியுயிர்ப்பில் வெளியே விடுகிறது. மறுபடி ஒடுங்கல், மறுபடி மழை. இம்முறை காய்ந்து இறுகிய மேட்டில் விழுந்து மேற்பரப்பால் ஓடுகிறது. மணல் கண்ட இடத்தில் இறங்கி, தரைக்கீழ் நீரோட்டமாக மெதுவாகக் கடலுக்கு வருகிறது. ஏழும் இருந்தன. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

மறுநாள் பின்னேரம் டீச்சர் திங்கட்கிழமைக்கு அவளுடையதைத்தான் தெரிவு செய்தார். ஞாயிறு முழுவதும் அவள் முற்றத்தில் நடந்து நடந்து சத்தமாக வாசித்துப் பழகினாள்.

திங்கள் விடிய மழை. முற்றத்து மணல் குடித்துத் தீர்க்க முடியாத மழை. கூட்டம் நடக்கவில்லை. பாடசாலை விட்டு நனைந்து வந்த மகள் தோற்பையைக் கீழே போட்டாள்.

"வகுப்பில வாசிக்க விட்டாங்க. தகரத்தில பெய்யிற சத்தத்தில முதல் பந்தியே ஒருத்தருக்கும் கேக்கல்ல."

"பிறகு?"

"கத்தி வாசிச்சன்."

அந்த நேரம் காக்கா தொலைபேசியில் வந்தார். மழைச் சத்தத்துக்கு மேலால் அவரும் கத்தினார்.

"புள்ளையிட்டச் சொல்லுகா, துருசு திறக்கத் தேவையில்லையாம்! நேரே வயலுக்குத்தான் விழுகுது!"