ஜீப்போடு வந்த பூமாரி

கேரள எல்லையில் கம்பம்மெட்டு முக்கில் தையல்கடை வைத்திருக்கும் செல்வலட்சுமிக்கு ஊசியில் நூல் கோப்பது சுலபம். நாலு வரி எழுதுவதுதான் பெரும்பாடு. எதிரே ரெடிமேட் கடை வந்ததிலிருந்து அவளுடைய மிஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. ஓணத்துக்குள் துணி வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்: "நம்ம கடையில் தைக்கிறவர்கள் புதிதாக ஒரு தோழியைக் கூட்டி வாருங்கள். அவர் முதல் ஜாக்கெட்டைத் தைத்து வாங்கியதும், உங்களுக்கு ஒரு ஜாக்கெட் தையல்கூலி இல்லாமல்."

ஒருத்தரும் வரவில்லை. ஸ்டேட்டஸ் என்பது நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தானே தெரியும்? பார்த்தவர்களில் பாதிப் பேர் நாத்தனார் வகையறா. அவர்கள் என்றைக்குக் கூலி கொடுத்துத் தைத்தார்கள்? மறுநாள் அதுவும் மறைந்துவிட்டது. மறைவதற்குள் பூமாரி பார்த்துவிட்டாள், அதுதான் நல்ல காலம்.

பூமாரி கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வருகிறவள். போன மழைக்கு வழுக்கி விழுந்து அவள் கை முறிந்தபோது, மாவுக்கட்டோடு போட்டுக்கொள்ளத் தோதாக, ஜாக்கெட் கையைப் பிரித்துக் கொக்கி வைத்துக் கொடுத்தவள் செல்வலட்சுமி. யாரும் கேட்காமலே செய்தாள்.

அடுத்த வாரம் காலையில் பூமாரி வந்து போகும் சுருளிவேலின் ஜீப் டீக்கு நின்றபோது, அதிலிருந்து பெண்கள் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக இறங்கினார்கள்.

"யாரு சொல்லி வந்தீக?"

எல்லாருக்கும் ஒரே பதில்: "பூமாரிக்கா."

செல்வலட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. கூடவே, இறங்கிய தலைகளை எண்ணவும் செய்தாள். ஒரு ஆளுக்கு ஒன்றுதான் என்று போட மறந்திருந்தாள். தலைக்கு ஒன்றாகப் பூமாரிக்குச் சும்மா தைத்தால் ஓணம் வரை கூலிக்கு வேறு எதுவும் தைக்க முடியாது. ஆனாலும் எழுதியதிலிருந்து பின்வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

தைத்ததையெல்லாம் ஜீப் பெண்கள் வாங்கிப் போன அன்று சாயங்காலம், பூமாரியை நிறுத்தி வைத்தாள்.

"அக்கா, உங்க துணியெல்லாம் கொண்டாங்க. போட்டது போட்டதுதான். தலைக்கு ஒண்ணு தச்சுத் தாரேன்."

"அம்புட்டையும் வாங்கி நான் என்ன கடையா வைக்கப் போறேன்? ஒண்ணு போதும்." பூமாரி மாம்பழ நிறத்தில் ஒரு ஜாக்கெட் துணியை நீட்டினாள்.

"அளவு ஜாக்கெட் எங்கக்கா?"

"அதத்தான் நீ போட்டிருக்கியே தாயி. ஊருக்கெல்லாம் தைக்கிறவ, அக்குள்ல ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. இத உனக்குத் தச்சுக்க."

செல்வலட்சுமி பூமாரியின் ஆறிய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜீப்பில் ஹாரன் அடித்த சுருளிவேலை உள்ளேயிருந்த பெண்கள் அதட்டி அடக்கினார்கள்.

ஓணத்தன்று அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் கடையைத் திறந்தாள்.