கருவேல நெற்றும் ஆறுமுகத்தாயும்

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்று கட்டிக் கிடக்கும். ஐந்தாம் வகுப்பு ஆறுமுகத்தாய் அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள். ஞானபூரணம் டீச்சர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிழல் விலகினால் பாடத்தின் நடுவே எழுந்துபோய், கயிற்றை நிழலுக்கு மாற்றிக் கட்டிவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்வார்.

எழுபத்தெட்டில், ஆடித்தபசு முடிந்த வாரம், இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளை மைதானத்தில் கூத்தடிக்க விடுகிறார் என்று போன வருஷமே டீச்சரைப் பற்றி எழுதிவிட்டுப் போனவர். இந்தத் தடவையும் பிடிக்கவில்லையென்றால், பாடத்தை ஆடிக்காட்டும் விளையாட்டுப் பாடமே இனிக் கிடையாது. அந்தப் பாடத்துக்காகத்தான் ஆறுமுகத்தாய் பள்ளிக்கூடமே வந்தாள்.

அன்றைக்கு விதை பரவும் ஆட்டம். காற்றாக வந்தவர்கள் எருக்கம்பஞ்சை ஏந்தி ஓடி, மூச்சு முட்டிய இடத்தில் விட்டார்கள். நீலச் சேலையை நாலு பேர் பிடித்து அலையடிக்க, அதில் ஒரு தேங்காய் உருண்டு கரை சேர்ந்தது. நாயாக ஓடியவளின் பாவாடையில் நாயுருவி ஒட்டிக்கொண்டு போனது. கடைசியில் ஆடு. கருவேல நெற்றைத் தின்றுவிட்டு, போகிற வழியெல்லாம் விதையைப் போட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்தது.

ஆறுமுகத்தாய் விதைகளை மடியில் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. மூலையில் போய்ப் படுத்து வாயை அசைத்தாள்.

“ஏட்டி, ஒன் ஆட்டுக்கு வயித்துக்கட்டா?” என்று துரைப்பாண்டி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“பிள்ளைக்குப் பாடமே வெளங்கலையே டீச்சர்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

கோமதித்தாயே, டீச்சருக்கு என்னால் கெட்ட பேர் வரக்கூடாதே என்று ஆறுமுகத்தாய்க்குக் கண் கலங்கியது. டீச்சர் பக்கத்தில் குனிந்தார்.

“ஏன் மக்கா, போடலையா?”

“மேயுத இடத்துல ஆடு கொட்டையப் போடாது டீச்சர். பட்டியில படுத்து அசைபோடும்போதுதான் துப்பும். பொறவு புழுக்கையில கொஞ்சம் வரும். தெனமும் பட்டியக் கூட்டிப் பெருக்குதது நாந்தானே!” என்றவள் மடியை அவிழ்த்து, அத்தனையையும் அங்கேயே கொட்டினாள்.

டீச்சர் நிமிர்ந்தார். “நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு சார். பிள்ள செஞ்சதுதான் சரி.” சுண்ணாம்புப் பொடியை எடுத்துவந்து அவளைச் சுற்றி ஒரு பட்டி வரைந்தார்.

இன்ஸ்பெக்டர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “எங்க வீட்லயும் ஆடு கெடந்துச்சு,” என்று மெல்லச் சொன்னார். “இன்னொரு தடவ ஆடச் சொல்லுங்க டீச்சர்.”

விளையாட்டுப் பாடம் தப்பித்தது. ஆறுமுகத்தாய்தான் அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஆடுகளோடு போனாள்.

சில வருஷம் கழித்து டீச்சருக்குக் கடையநல்லூருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்த ஆறுமுகத்தாயின் தலையில் ஒட்டியிருந்த நாயுருவியை டீச்சர் ஜன்னல் வழியே கைநீட்டி எடுத்தார். பஸ் நகர நகர டீச்சர் சத்தமாகச் சொன்னார்.

“பட்டியில கூட்டுத கொட்டையெல்லாத்தையும் குப்பையில தட்டிராத மக்கா. மேய்க்கப் போற வழியில ரெண்ட எறிஞ்சிட்டுப் போ.”